இரண்டு பிட்டில் ஒரு நாற்சந்தி

கார்வர் மீட், லின் கான்வே இருவரும் சேர்ந்து எழுதி 1980-ல் வெளியான சிப் வடிவமைப்புப் பாடநூலில் ஒரு நாற்சந்தி வருகிறது. அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றை ஒரு பண்ணைச் சாலை குறுக்கே வெட்டுகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். பண்ணைச் சாலையில் எப்போதாவது ஒன்று வந்து நிற்கும். அதனால் நெடுஞ்சாலைக்கு எப்போதும் பச்சை எரியட்டும்; பண்ணைச் சாலையில் வண்டி வந்து நின்றதைத் தரைக்குள் புதைத்த சென்சார் சொன்னால் மட்டும் அதற்கு வழிவிடலாம். அந்த வண்டிகள் போய்த் தீர்ந்ததும், அல்லது அவற்றுக்குத் தந்த நேரம் முடிந்ததும், பச்சை மறுபடி நெடுஞ்சாலைக்கே வர வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் இந்த நாற்சந்தியைத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நாமும் ஒருமுறை கட்டிப் பார்ப்போம். மைக்ரோகன்ட்ரோலரும் புரோகிராமும் வேண்டாம்; சில கேட்டுகளும் ஃபிளிப்ஃபிளாப்களும் போதும்.

கேட்டுகள் மட்டும் ஏன் போதாது என்பதில் தொடங்கலாம். ஒரு கேட் இந்த நொடியில் தன் உள்ளீட்டில் இருப்பதை மட்டுமே பார்க்கிறது. உள்ளீடு ஒன்றாக இருக்கும்வரை வெளியீடும் ஒன்றுதான். சிக்னல் அப்படி வேலை செய்ய முடியாது. பண்ணைச் சாலையில் வண்டி நிற்கிறது, கடைசி மாற்றம் நடந்து நான்கு வினாடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எந்த விளக்கு எரிய வேண்டும்? இதை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சற்று முன் நெடுஞ்சாலையில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தால் பண்ணைச் சாலைக்குப் பச்சை தர வேண்டும். நெடுஞ்சாலைக்கு இப்போதுதான் பச்சை கிடைத்திருந்தால் எதையும் தொடக்கூடாது. ஆக, சர்க்யூட்டுக்கு நடந்தது கொஞ்சம் ஞாபகம் இருக்க வேண்டும். ஞாபகம் உள்ள இத்தகைய சர்க்யூட்டை வரிசைமுறைச் சர்க்யூட் என்கிறோம்.

எவ்வளவு ஞாபகம் வேண்டும் என்பதைச் சொல்வதுதான் நிலை வரைபடம். நடந்த அனைத்தையும் சேமிக்கத் தேவையில்லை. இனி நடக்கப்போவதை மாற்றக்கூடிய வேறுபாடுகள் எவையோ அவற்றை மட்டும் தனித்தனி நிலைகளாக வைத்தால் போதும். நம் நாற்சந்திக்கு நான்கு நிலைகள்: நெடுஞ்சாலை பச்சை, நெடுஞ்சாலை மஞ்சள், பண்ணைச் சாலை பச்சை, பண்ணைச் சாலை மஞ்சள். ஒரு சாலையில் பச்சையோ மஞ்சளோ எரியும்போது மற்றதில் சிவப்பு என்பதை இப்போதைக்குச் சொல்லாமலே எடுத்துக்கொள்வோம். தாளில் நான்கு வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்பு இழுத்து, எப்போது அந்த அம்பு வழியே போகலாம் என்பதை அதன் மேல் எழுதுகிறோம்.

உள்ளீடுகள் மூன்று. பண்ணைச் சாலையில் வண்டி இருந்தால் V என்ற கம்பியில் 1 வரும். நிலை மாறி 4 வினாடி ஆனால் TS என்ற கம்பி 1 ஆகும். 30 வினாடி ஆனால் TL என்ற கம்பி 1 ஆகும். நெடுஞ்சாலை பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போக V, TL இரண்டும் 1 ஆக வேண்டும். அதாவது வண்டியும் காத்திருக்க வேண்டும், நெடுஞ்சாலைக்கு உரிய 30 வினாடியும் முடிந்திருக்க வேண்டும். மஞ்சளிலிருந்து பண்ணைச் சாலை பச்சைக்குப் போக TS போதும். பண்ணைச் சாலை பச்சை முடிவதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று போதும்: வண்டி இல்லை, அல்லது 30 வினாடி ஆகிவிட்டது. அதன் மஞ்சளும் TS வந்ததும் முடியும். அம்புகளில் எழுதியது எதுவும் நிறைவேறாத வரை சர்க்யூட் இருந்த வட்டத்திலேயே இருக்கும். அதைக் காட்ட ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் தனக்கே திரும்பி வரும் ஓர் அம்பும் வேண்டும். பலர் வரைய மறப்பது இந்த அம்பைத்தான்.

விளக்குகள் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மட்டும் பொறுத்தவை. உள்ளீட்டை நேரடியாகப் பார்ப்பதில்லை. எட்வர்ட் மூர் 1956-ல் விவரித்த வகை இது. சாலை விளக்குக்கு இதுவே சரி. சென்சார் கம்பியில் ஏற்படும் சின்ன நடுக்கம் நேராக விளக்குக்குப் போய்ச் சேராது.

நிலைக்கு எண் கொடுப்பது

ஃபிளிப்ஃபிளாப் ஒரு பிட்டை வைத்திருக்கும் சர்க்யூட். எக்கிள்ஸும் ஜோர்டனும் இரண்டு வெற்றிடக் குழாய்களை வைத்து இதன் முன்னோடியை 1918-லேயே செய்துவிட்டார்கள். இன்று பழக்கத்தில் உள்ள டி-ஃபிளிப்ஃபிளாப்பின் வேலை எளிது. கிளாக் துடிப்பின் விளிம்பு வரும் கணத்தில் D என்ற உள்ளீட்டில் இருப்பதைப் பிடித்து Q என்ற வெளியீட்டில் வைக்கும். அடுத்த விளிம்பு வரும்வரை D எப்படி மாறினாலும் Q அசையாது. நான்கு நிலைகளைச் சொல்ல இரண்டு பிட் போதும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் 7474 சிப் ஒன்றிலேயே இரண்டு டி-ஃபிளிப்ஃபிளாப்கள் இருக்கின்றன. கிளாக் வினாடிக்கு ஒரு துடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எந்த நிலைக்கு எந்த எண் என்று முடிவு செய்ய வேண்டும். நான்கு எண்களை நான்கு நிலைகளுக்குப் பிரித்துக் கொடுக்க 24 வழிகள் உண்டு. 00, 01, 10, 11 என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். இந்த இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லது. பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் எளிதாகவோ சிக்கலாகவோ ஆகின்றன. நான் எடுக்கும் வரிசை இது:

```
Q1 Q0   நிலை
0  0    நெடுஞ்சாலை பச்சை
0  1    நெடுஞ்சாலை மஞ்சள்
1  1    பண்ணைச் சாலை பச்சை
1  0    பண்ணைச் சாலை மஞ்சள்
```

இதற்குக் காரணம் இரண்டு. முதல் பிட்டை ‘இப்போது யாருடைய முறை’ என்பதற்கே ஒதுக்கியிருக்கிறேன். Q1 ஒன்றானால் நெடுஞ்சாலைக்குச் சிவப்பு; பூஜ்ஜியமானால் பண்ணைச் சாலைக்குச் சிவப்பு. ஃபிளிப்ஃபிளாப்பில் Q-வும் அதன் எதிர்மறையும் தனித்தனிப் பின்களில் வருவதால், சிவப்பு விளக்குகள் இரண்டுக்கும் கேட்டே தேவையில்லை. ஒரே ஃபிளிப்ஃபிளாப்பின் இரண்டு பின்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மீதி நான்கு விளக்குக்கும் ஆளுக்கு ஓர் அண்ட் கேட். நெடுஞ்சாலைப் பச்சையும் மஞ்சளும் எரிய Q1 பூஜ்ஜியமாக வேண்டும், பண்ணைச் சாலையின் பச்சையும் மஞ்சளும் எரிய Q1 ஒன்றாக வேண்டும் என்பதால், இரண்டு பச்சை சேர்ந்து எரியச் சொல்லும் எண்ணே இந்தச் சர்க்யூட்டில் கிடையாது.

இரண்டாவது காரணம், எந்த அம்பில் போனாலும் ஒரு பிட் மட்டுமே மாறுகிறது. வழக்கமான வரிசையில் நெடுஞ்சாலை மஞ்சள் 01, பண்ணைச் சாலை பச்சை 10. இரண்டு பிட்டும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இரண்டு ஃபிளிப்ஃபிளாப்கள் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒன்று சில நானோ வினாடி முந்தும். அந்த இடைவெளியில் எண் 00 என்றோ 11 என்றோ தெரியும். விளக்கின் கண்ணுக்கு அது படாது. ஆனால் அந்த வெளியீட்டை வேறொரு கவுண்ட்டரின் கிளாக்கோடு யாராவது இணைத்திருந்தால் அதற்கு அது ஒரு முழுத் துடிப்பு.

எண் கொடுத்தபின் அடுத்தது அட்டவணை. ஒவ்வொரு நிலைக்கும், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும், அடுத்த துடிப்பில் Q1, Q0 என்னவாக வேண்டும் என்று எழுதுகிறோம். டி-ஃபிளிப்ஃபிளாப்பின் வசதி இங்கே தெரியும்: அடுத்து என்ன வேண்டுமோ அதையே D-யில் கொடுத்தால் போதும். அந்த அட்டவணையை 1953-ல் மாரிஸ் கார்னா காட்டிய கட்ட முறையில் சுருக்கினால் இரண்டே சமன்பாடுகள் கிடைக்கின்றன. புள்ளி ‘உம்’, கூட்டல் குறி ‘அல்லது’, மேற்கோள் குறி ‘இல்லை’ என்று படிக்கவும்.

```
D1 = Q0·TS + Q1·TS'
D0 = Q1'·Q0 + Q1'·V·TL + Q0·V·TL'
```

முதல் வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். TS ஒன்றானால் Q0-ஐ எடுத்துக்கொள், இல்லாவிட்டால் இருக்கும் Q1-ஐயே வைத்துக்கொள். பச்சை நிலைகளில் Q0-வும் Q1-உம் ஒன்றாகவே இருப்பதால் எதை எடுத்தாலும் மாற்றமில்லை. மஞ்சள் நிலைகளில் மட்டும் இரண்டும் வேறு. அங்கே TS வந்ததும் முறை கைமாறும். நாற்சந்தியின் முறை மாற்றம் முழுவதும் இரண்டு அண்ட் கேட்டிலும் ஓர் ஆர் கேட்டிலும் அடங்கிவிட்டது.

சமன்பாட்டை நம்பிவிடாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். நெடுஞ்சாலை பச்சை, 00. வண்டி வந்துவிட்டது, 30 வினாடியும் ஆகிவிட்டது. D1-ல் Q0-வும் பூஜ்ஜியம், Q1-உம் பூஜ்ஜியம், ஆக 0. D0-ல் நடு உறுப்பு 1. அடுத்த துடிப்பில் 01, மஞ்சள். நான்கு வினாடியில் TS வரும். D1-ல் Q0·TS ஒன்று, D0-ல் Q1'·Q0 ஒன்று. அடுத்தது 11, பண்ணைச் சாலைக்குப் பச்சை. வண்டிகள் போய்விட்டன, V பூஜ்ஜியம், D0-ல் மூன்று உறுப்பும் பூஜ்ஜியம், D1 ஒன்றாகவே நிற்கிறது, 10. மறுபடி TS வந்ததும் இரண்டும் பூஜ்ஜியமாகி 00-க்கே வந்துவிட்டோம்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வண்டி சென்சாரைத் தாண்டி, அடுத்த வண்டி இன்னும் வந்து சேராத ஒரு வினாடியிலேயே V பூஜ்ஜியமாகிப் பச்சை போய்விடும். சாலையில் உள்ள கருவிகளில் குறைந்தபட்சப் பச்சை நேரமும், வண்டிகளுக்கு இடையிலான சிறு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் நீட்டிப்பு நேரமும் தனியாக இருக்கும். நாம் அதைச் சேர்க்கவில்லை.

வினாடி எண்ணும் இடம்

நிலைக்கு இரண்டு ஃபிளிப்ஃபிளாப் என்றோம். வினாடி எண்ணுவதற்கு ஐந்து வேண்டும். ஐந்து பிட் கவுண்ட்டர் 0-இலிருந்து 31 வரை போகும். நிலை மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். எப்போது மாறுகிறது என்று எப்படித் தெரியும்? D1-உம் Q1-உம் வேறாக இருந்தாலோ, D0-வும் Q0-வும் வேறாக இருந்தாலோ அடுத்த விளிம்பில் நிலை மாறப்போகிறது என்று பொருள். இரண்டு எக்ஸார் கேட்டும் ஓர் ஆர் கேட்டும் அதைக் கண்டுபிடித்து, அதே விளிம்பில் கவுண்ட்டரைப் பூஜ்ஜியமாக்கும்.

ஆய்வகத்தில் அதிகம் தவறுவது இந்தக் கவுண்ட்டர்தான். 4 வினாடி மஞ்சள் வேண்டும் என்பதால் எண்ணிக்கை 4 ஆனதும் TS தரும்படி கட்டுவார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மஞ்சள் 5 வினாடி எரியும். நிலைக்குள் நுழையும் விளிம்பில் எண்ணிக்கை 0. அடுத்த மூன்று விளிம்பில் 1, 2, 3. எண்ணிக்கை 3 ஆக இருக்கும்போதே TS தயாராக இருந்தால்தான் நான்காவது விளிம்பில் நிலை மாறும். ஆகவே 4 வினாடிக்கு 3, 30 வினாடிக்கு 29.

இன்னொரு தவறு உடனே கண்ணில் படாது. நெடுஞ்சாலையில் பச்சை, பண்ணைச் சாலையில் பத்து நிமிடமாக வண்டியே இல்லை. கவுண்ட்டர் சும்மா இருக்காது. 31-ஐத் தொட்டுவிட்டு 0-க்குத் திரும்பி மறுபடி எண்ணத் தொடங்கும். அதோடு TL-உம் 0 ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து வரும் வண்டி, நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும், ஏறக்குறைய அரை நிமிடம் நிற்கும். அடுத்த வண்டிக்கு உடனே பச்சை கிடைக்கும். ஒரு முறை வேலை செய்து ஒரு முறை செய்யாமல் போவதால் எல்லோரும் சென்சாரைச் சந்தேகிப்பார்கள். கவுண்ட்டர் 29-ஐ எட்டியதும் மேற்கொண்டு எண்ணாமல் அங்கேயே நிற்கும்படி TL-இன் எதிர்மறையை அதன் அனுமதிப் பின்னுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வண்டிக்குக் கிளாக் தெரியாது

TS, TL இரண்டும் நம் கவுண்ட்டரிலிருந்து வருகின்றன. கவுண்ட்டர் நம் கிளாக்கில்தான் நடக்கிறது. V அப்படியல்ல. வண்டி எந்தக் கணத்திலும் வரலாம், கிளாக் விளிம்பு வரும் அதே கணத்திலும்.

7474-க்கு ஒரு நிபந்தனை உண்டு. விளிம்பு வருவதற்கு 20 நானோ வினாடி முன்பே D நிலைபெற்றிருக்க வேண்டும். வந்த பின்னும் 5 நானோ வினாடி அசையாமல் இருக்க வேண்டும். இதை மீறினால் ஃபிளிப்ஃபிளாப் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சில வேளை 0-க்கும் 1-க்கும் நடுவே சிறிது நேரம் தத்தளித்துவிட்டுத்தான் ஒரு பக்கம் சாயும்.

நம் எண் வரிசையில் V தொடுவது D0-ஐ மட்டும். அது பழைய நிலையில் நின்றாலும் சரி, புதிய நிலைக்குப் போனாலும் சரி, மூன்றாவதாக ஒரு நிலைக்குத் தாவாது. அதனால் பிரச்சினையில்லை என்று தோன்றும். ஆனால் V இன்னொரு வழியிலும் போகிறது. D0 மாறினால்தான் எக்ஸார் கேட் மாறும், அதன்பின் ஆர் கேட், அதன்பின் கவுண்ட்டரைப் பூஜ்ஜியமாக்கும் பின். இந்த வழி நீளம். விளிம்புக்குக் கொஞ்சம் முன்பு V வந்தால், D0-க்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், கவுண்ட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

விளைவைப் பாருங்கள். நிலை 01-க்கு, மஞ்சளுக்கு, மாறிவிட்டது. கவுண்ட்டரோ பூஜ்ஜியமாகாமல் 29-லேயே நிற்கிறது. எண்ணிக்கை 3-ஐ எப்போதோ தாண்டிவிட்டதால் TS ஏற்கெனவே 1. அடுத்த துடிப்பிலேயே மஞ்சள் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் வேகமாக வரும் ஓட்டுநருக்கு 4 வினாடிக்குப் பதில் ஒரே வினாடி மஞ்சள். உடனே சிவப்பு, உடனே குறுக்குச் சாலைக்குப் பச்சை. சர்க்யூட்டில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. சமன்பாடும் சரி. ஒரே செய்தி இரண்டு இடங்களுக்கு வெவ்வேறு நேரத்தில் போனதுதான் தவறு.

இது எவ்வளவு அரிது என்பது கிளாக்கைப் பொறுத்தது. வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 20 நானோ வினாடி என்பது அதில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. ஆய்வக மேசையில் ஒருநாளும் பார்க்க மாட்டீர்கள். அதே சர்க்யூட்டை 10 லட்சம் துடிப்பு உள்ள கிளாக்கில் ஓட்டினால், அதே 20 நானோ வினாடி ஒரு துடிப்பு இடைவெளியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். இத்தகைய பிழையைச் சோதித்துப் பிடிக்க முடியாது; வரைபடத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கிளாக்குக்குக் கட்டுப்படாத ஒரு கம்பி ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிளிப்ஃபிளாப்களைப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அங்கே பிழை இருக்கிறது.

தீர்வு சின்னது. சென்சாரிலிருந்து வரும் V-ஐ முதலில் ஒரு ஃபிளிப்ஃபிளாப்பில் பிடித்து, அதன் Q-ஐ இன்னொன்றில் பிடித்து, அந்த இரண்டாவதன் வெளியீட்டை மட்டும் சர்க்யூட் முழுவதற்கும் கொடுக்க வேண்டும். முதலாவது தத்தளித்தாலும் அடுத்த விளிம்புக்குள் அடங்க அதற்கு ஒரு முழுத் துடிப்பு நேரம் கிடைக்கிறது. வண்டி வந்த செய்தி ஒன்றிரண்டு துடிப்பு தாமதமாகும். அது ஒரு விலையே இல்லை.

எல்லாம் சிவப்பாக இருக்கும் நேரம்

இதுவரை கட்டியதில், நெடுஞ்சாலைக்குச் சிவப்பு விழும் அதே கணத்தில் பண்ணைச் சாலைக்குப் பச்சை. மஞ்சளின் கடைசி நொடியில் நுழைந்த லாரி சந்திப்பின் நடுவில் இருக்கும்போதே குறுக்கே வண்டி கிளம்பலாம். அதனால் இரு பக்கமும் சிவப்பாக 2 வினாடி விட வேண்டும். ஒவ்வொரு மஞ்சளுக்குப் பின்னும் ஒன்று என்று நிலைகள் ஆறாகின்றன. ஃபிளிப்ஃபிளாப் மூன்று வேண்டும். மூன்று பிட்டில் எட்டு எண்கள், இரண்டு மிஞ்சுகின்றன. அந்த இரண்டுதான் இனி கவலை.

ஆறு நிலைகளுக்கு ஜான்சன் கவுண்ட்டர் அழகாகப் பொருந்தும். மூன்று ஃபிளிப்ஃபிளாப்களை வரிசையாக இணைத்து, கடைசியின் எதிர்மறையை முதலாவதற்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அது. இங்கும் ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் மாறும்.

```
Q2Q1Q0   நெடுஞ்சாலை   பண்ணைச் சாலை
000      பச்சை        சிவப்பு
100      மஞ்சள்       சிவப்பு
110      சிவப்பு      சிவப்பு
111      சிவப்பு      பச்சை
011      சிவப்பு      மஞ்சள்
001      சிவப்பு      சிவப்பு

D2 = Q0'    D1 = Q2    D0 = Q1
```

நகர வேண்டிய நேரத்தில் மட்டும் நகர, E என்ற அனுமதிக் கம்பி ஒன்று வேண்டும். E ஒன்றானால் மேலே உள்ள D. இல்லாவிட்டால் இருப்பது அப்படியே. நெடுஞ்சாலை பச்சையில் E என்பது V·TL; மஞ்சள்களில் TS; இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று.

பட்டியலில் இல்லாத எண்கள் 010, 101. வரிசையாக நடந்தால் அங்கே போகவே மாட்டோம். ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மூன்று ஃபிளிப்ஃபிளாப்களும் எந்த எண்ணில் விழித்தெழும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இடி விழுந்தால் ஒரு பிட் புரளலாம். 010-இலிருந்து அடுத்தது என்ன? Q0 பூஜ்ஜியம், அதனால் D2 ஒன்று. Q2 பூஜ்ஜியம், D1 பூஜ்ஜியம். Q1 ஒன்று, D0 ஒன்று. அதாவது 101. அங்கிருந்து? மறுபடி 010. இரண்டுக்குள்ளேயே மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆறு நிலைகளின் வட்டத்துக்கு ஒருபோதும் திரும்பாது. சாலையில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்றால், நாற்சந்தியில் எல்லாச் சிவப்பும் எரிகிறது, எதுவும் மாறவில்லை. பவரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனாலேயே காரணம் தெரியாமல் போகும்.

திருத்த ஒரு கேட்டோ இரண்டோ போதும். கடைசி சமன்பாட்டை இப்படி மாற்ற வேண்டும்:

```
D0 = Q1·(Q2 + Q0)
```

ஆறு நிலைகளில் எதிலும் இது எதையும் மாற்றாது. வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 010-இல் மட்டும் Q2, Q0 இரண்டும் பூஜ்ஜியம் என்பதால் D0 பூஜ்ஜியமாகி, அடுத்தது 100 ஆகும். 101 முதலில் 010-க்குப் போய், அங்கிருந்து 100-க்கு வரும்.

இதோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. E-ஐ மறந்துவிட்டோம். ஆறு நிலைகளுக்கும் ஆறு உறுப்பு எழுதி E-ஐக் கட்டியிருந்தால், 010-இலும் 101-இலும் E பூஜ்ஜியம். நகரவே அனுமதி இல்லை. திருத்திய சமன்பாடு இருந்தும் பயனில்லை. வழி இருக்கிறது. நெடுஞ்சாலை சிவப்பை Q1 + Q0 என்றும், பண்ணைச் சாலை சிவப்பை (Q1·Q0)' என்றும் எடுத்தால், 010, 101 இரண்டிலும் இரு பக்கமும் சிவப்பாகவே வரும். ஆகவே E-இல் 110, 001 என்று தனித்தனியாக எழுதாமல், ‘இரண்டு பக்கமும் சிவப்பு, 2 வினாடி ஆகிவிட்டது’ என்று ஒரே உறுப்பாக எழுதலாம். கேட்டும் குறையும், தவறிப்போன இரண்டு எண்ணும் அதே உறுப்பில் தானாக வந்துவிடும். சர்க்யூட் வழிதவறினால் அதிகம் போனால் 4 வினாடி எல்லாம் சிவப்பாக இருந்துவிட்டு, நெடுஞ்சாலை மஞ்சளில் தொடங்கித் தன் பாதைக்குத் திரும்பிவிடும். கரண்ட் வந்ததும் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 001-ஐ ஏற்றிவிடும்படி கிளியர், ப்ரீசெட் பின்களை இணைப்பதும் வேண்டும். எல்லாம் சிவப்பில் தொடங்குவதே பாதுகாப்பு.

இவ்வளவு கவனமாகக் கட்டியும் ஒன்றை இந்தச் சர்க்யூட்டால் உறுதி செய்ய முடியாது. இரண்டு பச்சைக்கும் சேர்ந்து கட்டளை போகாது என்பதுவரைதான் அதன் பொறுப்பு. விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், கட்டளை 0 ஆனாலும் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். அமெரிக்க சிக்னல் பெட்டிகளில் இதற்காகவே கான்ஃப்ளிக்ட் மானிட்டர் என்று தனிக் கருவி வைக்கிறார்கள். அது கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்பதில்லை. விளக்குக்குப் போகும் கம்பியிலேயே மின்னழுத்தத்தை அளக்கும். மோதும் இரண்டு பச்சையைக் கண்டால் கன்ட்ரோலரைத் துண்டித்து, விளக்குகளை விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை நிலைக்குத் தள்ளிவிடும். இன்று கன்ட்ரோலருக்குள் ஃபிளிப்ஃபிளாப்களுக்குப் பதில் புரோகிராம் ஓடினாலும் இந்தக் காவல் தனியாகவே இருக்கிறது.

ஆய்வகத்தில் இதைக் கட்டப்போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். விளக்குகள் வரிசையாக மாறுவதைப் பார்த்ததும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். 7474-இன் ப்ரீசெட், கிளியர் பின்களைத் தரையோடு தொட்டு 010-ஐ வலிய ஏற்றிவிட்டு விடுங்கள். பிறகு 101-ஐ ஏற்றுங்கள். இரண்டு முறையும் நெடுஞ்சாலை மஞ்சள் வந்தால் மட்டுமே சர்க்யூட் முடிந்தது.